இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்ணை எந்தக் கிரேடில் அமர்த்துவது? வேலை கொடுப்பவர்களுக்கான வழிகாட்டி

பதினொரு வருடம் வேலை பார்த்த ஒரு பெண் குழந்தைக்காகவோ வீட்டில் ஒருவரின் நோய்க்காகவோ ஆறு வருடம் விலகியிருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். அவரை எடுக்க நினைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது பயிற்சியைப் பற்றி. என்ன வகுப்பு வைப்பது, யாரை வழிகாட்டியாகப் போடுவது என்று திட்டமிடுகிறார்கள். ஆட்களை எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்ததில் நான் கண்டது வேறு. அவர் நிலைப்பாரா, ஒரு வருடத்தில் போய்விடுவாரா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அவரை எந்தக் கிரேடில், என்ன சம்பளத்தில், எந்த நிஜமான வேலையில் உட்கார வைத்தோம் என்பதுதான். பயிற்சி அதற்குப் பிறகு வருவது.

இதை ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர்களுக்காகவும், திரும்பி வருபவரைத் தன் குழுவில் சேர்க்கப்போகும் மேனேஜருக்காகவும் எழுதுகிறேன். திரும்பப்போகும் பெண்கள் படித்தால், எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியும்.

ஒருவரை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கிய உதாரணம் இது. நிதி அறிக்கை தயாரிக்கும் பிரிவில் 11 வருட அனுபவம், கடைசி மூன்று வருடம் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். 2017ல் இரண்டாவது குழந்தைக்காக விலகினார். திரும்ப நினைத்த நேரத்தில் மாமனாருக்குப் பக்கவாதம். 2023ல் விண்ணப்பிக்கிறார்.

1. முதலில் இருக்கை, பிறகு ஆள்

இடைவெளிக்குப் பிறகு வருபவர்களுக்கென்று சம்பளத்தோடு, காலவரையறையோடு நடத்தப்படும் திட்டத்துக்கு ‘ரிட்டர்ன்ஷிப்’ என்று பெயர். கோல்ட்மேன் சாக்ஸ் 2008ல் இந்தப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்கள் பின்பற்றின. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும். முடிவில் நிரந்தர வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அந்தக் ‘கிடைக்கலாம்’ என்ற சொல்லில்தான் பல திட்டங்கள் வீணாகின்றன. நான் முதன்முதலில் பங்கெடுத்த திட்டத்தில் ஆறு பேரை எடுத்தோம். பயிற்சிக்குத் தனி நிதி இருந்தது. ஆனால் எந்தக் குழுவிலும் அவர்களுக்கென்று காலி இடம் ஒதுக்கப்படவில்லை. நாலு மாத முடிவில் ஆறு பேரும் நன்றாகச் செய்திருந்தார்கள், இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்ற நால்வரின் ரெஸ்யூமேயில் ஆறு வருட இடைவெளிக்குப் பக்கத்தில் நாலு மாத வேலை ஒன்று சேர்ந்தது. அடுத்த இடத்தில் அதற்கும் அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தவறு இன்னும் என்னை உறுத்துகிறது.

அதனால் விளம்பரம் போகும் முன்பே மூன்றைத் தீர்மானியுங்கள். எந்தக் குழுவில், யார் கீழ், எந்தக் கிரேடில் இந்த இடம் இருக்கிறது? அந்த இடத்தின் சம்பளம் இந்த வருட பட்ஜெட்டில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றதா? இவர் வராவிட்டாலும் அந்த வேலைக்கு வேறு ஒருவரை எடுத்திருப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது நிஜமான வேலை அல்ல, செலவு குறைக்கும் நாளில் முதலில் போவது அதுதான். இடங்கள் இரண்டுதான் என்றால் இரண்டு பேரை எடுங்கள்.

திரும்பும் பெண்கள் முதல் பேச்சிலேயே தயங்காமல் கேட்க வேண்டியதும் இதுவே: “முடிவில் நான் சேரக்கூடிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இதற்கு முன் வந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள்?” நன்றாக நடத்தும் நிறுவனத்திடம் எண் தயாராக இருக்கும்.

2. ரெஸ்யூமே எங்கே விழுகிறது என்று பாருங்கள்

சமூகவியலாளர் கேட் வைஷார் அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். 2018ல் வெளியான அந்த ஆய்வில், வேலையில் இருக்கும் தாய்மார்களுக்குச் சுமார் 15 சதவீதம் அழைப்பு வந்தது. வேலை பறிபோய் வீட்டில் இருந்தவர்களுக்குச் சுமார் 10 சதவீதம். குழந்தைக்காகத் தாமே விலகினேன் என்று எழுதியவர்களுக்குச் சுமார் 5 சதவீதம். பின்னிரண்டு பேருக்கும் இடைவெளியின் நீளம் ஒன்றுதான், காரணம்தான் வேறு. ஆக, திறமை மங்கியிருக்கும் என்ற கவலை மட்டும் இதை விளக்காது. ‘இவருக்கு வேலை மேல் பிடிப்பு இல்லை’ என்ற தீர்ப்பும் கூடவே வருகிறது.

உங்கள் நிறுவனத்தில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. கடந்த ஒரு வருடத்தில் வந்த விண்ணப்பங்களில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி உள்ளவற்றைத் தனியே எடுங்கள். எத்தனை பேர் இன்டர்வியூ வரை வந்தார்கள் என்று எண்ணுங்கள். மென்பொருளில் ‘இப்போது வேலையில் இருப்பவர்’, ‘சமீபத்திய மூன்று வருட அனுபவம்’ போன்ற வடிகட்டி யாரோ எப்போதோ போட்டு வைத்திருப்பார்கள். அது இருக்கும் வரை மனிதக் கண்ணே அந்த ரெஸ்யூமேயைப் பார்க்காது.

வடிகட்டியை எடுத்த பிறகு விண்ணப்பப் படிவத்தையும் மாற்றுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி கேட்பதற்குப் பதிலாக ‘இந்தப் பணியில் எத்தனை வருடம்’ என்று கேளுங்கள். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நிஜ வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2022ல் வெளியான சோதனையில், தேதிக்குப் பதில் வருட எண்ணிக்கை எழுதிய ரெஸ்யூமேகளுக்கு அதிக அழைப்பு வந்தது. இடைவெளியை மறைப்பதாக இதை நினைக்க வேண்டாம். படிப்பவரின் கண் முதலில் அனுபவத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

விண்ணப்பிப்பவர் பக்கத்தில், இடைவெளியை ஒரே வரியில் நேராக எழுதிவிடுவது நல்லது: “2017–2023: குடும்பப் பராமரிப்புக்காக இடைவெளி.” லிங்க்ட்இன் தளத்திலும் 2022 முதல் இதற்கென்று தனிப் பகுதி உண்டு. வீட்டு வேலையை அலுவலகப் பட்டம் போல மாற்றி எழுத வேண்டியதில்லை. அந்த இடத்தை 2017 வரை செய்ததைத் துல்லியமாகச் சொல்லப் பயன்படுத்துங்கள்.

3. இன்டர்வியூவில் எதைச் சோதிப்பது

இங்கே பொதுவாக நடக்கும் தவறு, புதிய கருவிகளின் பெயரைக் கேட்பது. “இந்த மென்பொருள் தெரியுமா?” தெரியாது என்பார். தாளில் ஒரு சுழி. இப்படி நாலு சுழி விழுந்தால் 11 வருட அனுபவம் கண்ணில் படாமலே போய்விடும்.

வேலைக்குத் தேவையானதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பழசாகாதது, உருவம் மாறியது, முற்றிலும் புதியது. நம் உதாரணப் பெண்ணிடம் பழசாகாதது நிறைய இருக்கிறது. ஒரு எண் தப்பாக இருக்கும்போது மூக்கில் வேர்ப்பது, தணிக்கையாளரிடம் எதை எப்படிச் சொல்வது, மாத முடிவில் கணக்கை நேரத்துக்கு மூட ஐந்து பேரை நகர்த்துவது, எல்லாமே ஆறு வருடத்தில் போய்விடுவதில்லை.

உருவம் மாறியதற்கு நல்ல உதாரணம் குத்தகைக் கணக்கு. அவர் விலகும்போது, பல குத்தகைகளின் வாடகையைச் செலவாக மட்டும் காட்டினால் போதும். ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்குத் தரநிலை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, குறுகிய காலக் குத்தகை போன்ற சில விலக்குகள் தவிர, வாடகைக்கு எடுத்த கட்டடத்தையும் வாகனத்தையும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும் கடனாகவும் காட்ட வேண்டும். இது பெரிய மாற்றம்தான். ஆனால் கணக்கின் அடிப்படை தெரிந்தவர் இதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார். முற்றிலும் புதியது என்றால், அறிக்கைகளை இணைத்துத் தர நிறுவனம் பயன்படுத்தும் மென்பொருள். அதை எந்தப் புது ஆளும் முதலிலிருந்துதான் கற்க வேண்டும், இடைவெளி இல்லாதவர் உட்பட.

ஆக, கேள்வி பதிலைக் குறைத்து, நிஜ வேலையின் ஒரு துண்டைக் கொடுங்கள். தவறு மறைந்திருக்கும் ஒரு காலாண்டு அறிக்கை, குத்தகைத் தரநிலையின் இரண்டு பக்கச் சுருக்கம், ஒன்றரை மணி நேரம். கையில் குறிப்பு வைத்துப் பார்க்கலாம். அவர் எந்த வரியில் சந்தேகப்படுகிறார், யாரிடம் என்ன கேட்பேன் என்கிறார், புதிய விதியைப் படித்துப் பொருத்த எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கவனியுங்கள். இதே துண்டை மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் கொடுங்கள், அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

“குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்காதீர்கள். சில நாடுகளில் அது வழக்கு வரை போகும். சட்டம் தடுக்காத இடத்திலும் அந்தப் பதிலை வைத்து வேலைத்திறனை அளக்க முடியாது. நேரம் பற்றித் தெரிய வேண்டுமானால் வேலையின் நேரத்தை நீங்கள் சொல்லுங்கள்: “மாதத்தின் முதல் ஐந்து வேலை நாட்களில் மாலை தாமதமாகும். அது உங்களுக்குச் சரிவருமா?” எல்லாரிடமும் இதையே கேளுங்கள்.

4. கிரேடும் சம்பளமும்

மொத்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எண்ணில் பார்ப்போம். 2017ல் அவர் வாங்கிய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆறு வருடத்தில் குழுத்தலைவர் கிரேடின் சம்பள வரம்பு நகர்ந்து, இன்று 120லிருந்து 160 வரை இருக்கிறது. ஹெச்.ஆர். வழக்கமாகச் செய்வது, கடைசிச் சம்பளத்தைக் கேட்டு அதன்மேல் 10 சதவீதம் போடுவது. 110 வருகிறது. அது குழுத்தலைவர் வரம்புக்குக் கீழே விழுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? வரம்பை மீறக் கூடாது என்று ஒரு கிரேடு கீழே, 90 முதல் 120 வரை உள்ள இடத்தில் அவரை வைக்கிறார்கள். ‘முதலில் இங்கே வரட்டும், ஒரு வருடத்தில் பார்க்கலாம்’ என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பழைய சம்பளம் என்ற ஒரே எண்ணிலிருந்து தொடங்கியதால் கிரேடே இறங்கிவிட்டது.

சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில், வேலைத் துண்டில் அவர் செய்ததையும் முன்பு வகித்த பொறுப்பையும் வைத்துக் கிரேடைத் தீர்மானியுங்கள். பிறகு இன்றைய வரம்பைத் திறந்து, அதே கிரேடில் இதே அளவு அனுபவத்தோடு வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு என்ன தருவீர்கள் என்று பாருங்கள். புதியவற்றைக் கற்க நேரம் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்து வரம்பின் கீழ்ப் பகுதியில் வைக்கலாம், 130 என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளத்தைக் கேட்கவே தேவையில்லை.

110க்கும் 130க்கும் இடையே 20தான் என்று தோன்றும். இருவருக்கும் வருடம் 6 சதவீத உயர்வு என்று வைத்தால், ஐந்தாவது உயர்வுக்குப் பிறகு ஒன்று 147, மற்றொன்று 174. வேறுபாடு 27 ஆகிவிட்டது. கீழ்க் கிரேடில் இருப்பவர் பதவி உயர்வுக்கு இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டும் என்பது தனி. தன்னைவிட அனுபவம் குறைந்தவரிடம் அவர் ஒப்புதல் வாங்கி வேலை செய்யும் நிலையும் வரும். இப்படி அமர்த்தப்பட்டவர்கள் ஒன்றரை வருடத்தில் வேறு இடம் தேடிப் போனதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சந்தை மதிப்பு தெரிய அவ்வளவு காலம்தான் ஆகிறது.

இன்னொரு எச்சரிக்கை. ஷெல்லி கொரெல்லும் சக ஆய்வாளர்களும் 2007ல் வெளியிட்ட சோதனையில், மற்றபடி சமமான விண்ணப்பங்களில் தாய் என்று தெரிந்தவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட தொடக்கச் சம்பளம் மற்றப் பெண்ணைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே சம்பளத்தை முடிவு செய்பவரிடம் குடும்பத் தகவல் எதுவும் போக வேண்டாம். கிரேடு, வேலைத் துண்டின் மதிப்பெண், வரம்பு, இந்த மூன்றும் போதும்.

பெண்கள் பக்கத்தில்: கடைசிச் சம்பளம் என்ன என்று கேட்டால், “அது 2017ன் எண், இன்றைய வேலைக்குப் பொருந்தாது. இந்த இடத்தின் வரம்பைச் சொல்லுங்கள், அதில் பேசலாம்” என்று சொல்லலாம். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

5. பதினாறு வாரம் எப்படிப் போக வேண்டும்

நம் உதாரணப் பெண்ணின் திட்டம் பதினாறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே கணினியும் கடவுச்சொல்லும் எல்லா அனுமதிகளும் தயாராக இருக்கட்டும். சாதாரணமாகத் தெரியும், ஆனால் திரும்பி வருபவருக்கு முதல் வாரம் கைகட்டி உட்கார்ந்திருப்பது ‘நான் இங்கே தேவையா’ என்ற எண்ணத்தைக் கிளப்பும்.

இரண்டாவது வாரத்துக்குள் ஒரு சிறிய, நிஜமான, முடிக்கக்கூடிய வேலை. நம் உதாரணத்தில் ஒரு கிளையின் மாத அறிக்கையைச் சரிபார்த்துக் குறிப்பு எழுதுவது. அது யாரோ உண்மையில் படிக்கும் குறிப்பாக இருக்க வேண்டும். நான்காவது வாரத்துக்குள் குத்தகைக் கணக்கு, வேலையோடு சேர்த்து: பத்து ஒப்பந்தங்களை அவரே கணக்கிட, தெரிந்த ஒருவர் முதல் இரண்டைக் கூட இருந்து பார்க்கட்டும். எட்டாவது வாரத்தில் மாத முடிவுக் கணக்கை மூடுவதில் ஒரு பகுதி அவர் பொறுப்பு. பன்னிரண்டாவது வாரத்தில் முழு மூடலையும் அவர் நடத்த, பழைய பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் திட்டத்தைக் கெடுப்பவர் பெரும்பாலும் அன்பான மேனேஜர்தான். “பாவம், இப்போதுதான் வந்திருக்கிறார், சிரமப்படுத்த வேண்டாம்” என்று கடினமான வேலையை வேறொருவருக்குத் திருப்பிவிடுவார். பதினாறு வாரம் கழித்து மதிப்பிட உட்காரும்போது, பெரிய வேலை எதையும் அவர் செய்து காட்டவில்லை என்று அதே மேனேஜரே சொல்வார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஆறாவது வாரத்தில் அவர் கையில் இருக்கும் வேலைகளைப் பட்டியலிட்டு, ‘இது தப்பானால் குழுவுக்கு வெளியே யாருக்காவது தெரியுமா?’ என்று ஒவ்வொன்றைப் பற்றியும் கேளுங்கள். எதற்குமே தெரியாது என்றால் அவருக்கு நிஜ வேலை இன்னும் போகவில்லை.

மேனேஜர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அவரோடு உட்கார வேண்டும். என்ன தெளிவாக இருந்தது, எங்கே சிக்கியது, அடுத்த வாரம் என்ன முடிப்பது, இதற்கு மேல் நிகழ்ச்சி நிரல் வேண்டாம். இதைத் தவிர, அசட்டுக் கேள்வி என்று தயங்குவதைக்கூடக் கேட்க அதே மட்டத்தில் ஒரு சக ஊழியர் வேண்டும். அவரைப் பற்றிய மதிப்பீட்டில் அந்தச் சக ஊழியருக்குப் பங்கு இருக்கக் கூடாது. இருந்தால் கேள்விகள் நின்றுவிடும்.

6. குறைந்த நேரம் என்றால் குறைந்த வேலை

பலர் முதல் சில மாதம் 60 அல்லது 80 சதவீத நேரம் கேட்பார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டு சம்பளத்தைக் குறைக்கும், வேலையைக் குறைக்க மறந்துவிடும். அறிகுறி எளிது: அவர் வேலை நேரத்துக்கு வெளியே அனுப்பும் மின்னஞ்சல்கள். மூன்றாவது வாரத்தில் அவை தெரியத் தொடங்கினால் வேலைப் பட்டியலை எடுத்து எதை அகற்றுவது என்று மேனேஜர்தான் முடிவு செய்ய வேண்டும், அவர் அல்ல.

2023ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸோடு சேர்ந்து அமெரிக்க மருந்தாளுநர் தொழிலை ஆராய்ந்தார். அங்கே ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடியும். தகவல் எல்லாம் பதிவில் இருக்கிறது, மருந்துகளும் தரப்படுத்தப்பட்டவை. அதனால் குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கான சம்பளத்தில் பெரிய இழப்பு இல்லை. அலுவலகத்துக்கும் இது பொருந்தும். நம் உதாரணப் பெண் மாலை நான்கு மணிக்குக் கிளம்புவது சிக்கலாகிறதென்றால், பெரும்பாலும் கணக்கின் நிலை யாராவது ஒருவரின் தலைக்குள் மட்டும் இருப்பதால்தான். எந்த வரி முடிந்தது, எது காத்திருக்கிறது, யாரிடம் கேட்டிருக்கிறது என்று எல்லாரும் பார்க்கும் ஒரே தாளில் எழுதுங்கள். யார் விடுப்பில் போனாலும் அந்தத் தாள் உதவும்.

அதே நேரம், தணிக்கை முடியும் வாரம் போன்ற சில நாட்களை எந்தத் தாளாலும் பங்கிட முடியாது. அவற்றை வருடத் தொடக்கத்திலேயே தேதியோடு சொல்லிவிட்டால் அவர் வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். முந்தின நாள் மாலை சொன்னால் முடியாது.

7. முடிவை 12வது வாரத்தில் சொல்லுங்கள்

திட்டம் 16 வாரம் என்றால் முடிவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பன்னிரண்டாவது வாரத்தில் எழுத்தில் சொல்லுங்கள்: ஆம், இந்தக் கிரேடு, இந்தச் சம்பளம். அல்லது, இன்னும் இந்த இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும், நாலு வாரம் இருக்கிறது. அல்லது, இல்லை, காரணம் இது. ‘இல்லை’யானாலும் நாலு வாரச் சம்பளத்தோடு வேறு வேலை தேட அவருக்கு நேரம் கிடைக்கும். அளவுகோல், முதல் நாளில் அவர் கையில் கொடுத்த அதே பட்டியலாக இருக்க வேண்டும். நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அந்த மதிப்பீடு செல்லாது என்றே நான் கருதுவேன்.

சிறிய நிறுவனத்தில் திட்டமெல்லாம் நடத்த முடியாது. தேவையும் இல்லை. ஒரு காலி இடம், ஒரு வேலைத் துண்டு, இன்றைய வரம்பில் சம்பளம், வழக்கமான தகுதிகாண் காலம், வாரம் அரை மணி நேரம். இவ்வளவு போதும். ‘பயிற்சியாளர்’ என்ற பட்டத்தை மட்டும் போடாதீர்கள், 11 வருட அனுபவத்தை அந்த ஒரு சொல் அழித்துவிடும்.

8. முதல் வருடாந்திர மதிப்பீடு

நிரந்தரமான பிறகு எல்லாரும் கவனத்தை எடுத்துவிடுவார்கள். அடுத்த பள்ளம் இங்கேதான். வருடத்தின் நடுவில் சேர்ந்தவர் ஏழு மாத வேலையோடு நிற்க, மற்றவர்கள் பன்னிரண்டு மாத வேலையோடு நிற்பார்கள். ஒப்பிட்டு மதிப்பிடும் முறையில் அவர் தானாகக் கீழே தள்ளப்படுவார். மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன் ஹெச்.ஆர். அவருடைய வேலை மாதங்களைப் படிவத்தில் எழுதி, இலக்குகளையும் அதே விகிதத்தில் குறைத்திருக்க வேண்டும். பகுதி நேரத்தில் இருந்தவருக்கும் இதே கணக்கு.

பிறகு இரண்டே எண்களைப் பதிவு செய்து வையுங்கள். திரும்பி வந்தவர்களில் 24 மாதம் கழித்தும் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எந்தக் கிரேடில் இருக்கிறார்கள்? எத்தனை பேரை எடுத்தோம் என்ற எண்ணை எல்லாரும் வெளியிடுகிறார்கள், அது எதையும் காட்டுவதில்லை. நம் உதாரணப் பெண் 130ல் குழுத்தலைவராகச் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து அடுத்த கிரேடுக்கு மற்றவர்களோடு ஒரே வரிசையில் பரிசீலிக்கப்படுகிறாரா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் நான்காம் கட்டத்துக்குத் திரும்பிப்போய், அவருக்குக் கிரேடு போட்ட நாளின் குறிப்பை எடுத்துப் படியுங்கள்.